கீழ பாக்காம டைப் அடிக்க கத்துக்கறது எப்படி: ஏற்கனவே நாலு விரல்ல வேகமா அடிக்கறவங்களுக்கு

அரை பக்கம் மடமடன்னு அடிச்சுட்டு தலைய தூக்கி ஸ்க்ரீன பாத்தா மொத்தமும் கேப்ஸ்ல கெடக்கும். இல்லன்னா கர்சர் வேற எடத்துல போய் உக்காந்து, அடிச்சதெல்லாம் போன வாரம் எழுதின பாராவுக்கு நடுவுல போயிருக்கும். நான் பண்றது மொழிபெயர்ப்பு வேலை, இது எனக்கு தினமும் நடக்கும். மூலம் ஒரு பக்கம், ஸ்க்ரீன் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம்னு கண்ணு மூணு எடத்துக்கும் ஓடிட்டே இருக்கும், சாயங்காலம் ஆனா கழுத்து பின்னாடி யாரோ கல்ல கட்டி விட்ட மாதிரி இருக்கும். 39 வயசுல உக்காந்து ஒழுங்கா கத்துக்கிட்டேன். எப்படின்னு விவரமா எழுதறேன், எங்கெல்லாம் சொதப்பினேன்னும் சேத்து.

மொதல்ல ஒண்ண தெளிவா சொல்லிடறேன். வேகத்துக்காக மட்டும் இத கத்துக்கணும்னு நெனச்சா நீங்க பாதியில விட்டுடுவீங்க. பின்லாந்துல இருக்கற ஆல்டோ யுனிவர்சிட்டில 2016ல 30 பேர வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல ஆறேழு விரல்ல தானா பழகினவங்க சில பேர் முறையா பத்து விரல்ல பழகினவங்க அளவுக்கே வேகமா அடிச்சாங்க. ஆனா முறையா கத்துக்கிட்டவங்க கீபோர்ட பாக்கற நேரம் ரொம்ப கம்மியா இருந்துச்சு. வித்தியாசம் அங்க தான், விரல்ல இல்ல, கண்ணுல. அதனால இந்த வழிகாட்டில எல்லாத்தையும் அந்த ஒரு விஷயத்த வெச்சு தான் சொல்லப் போறேன், வேகம் பின்னாடி தானா வரும்.

பெரியவங்களுக்கு ஏன் கஷ்டமா இருக்கு

பத்தாவது முடிச்ச லீவுல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு போன பசங்களுக்கு asdfgf தவிர வேற பழக்கமே கிடையாது, அதனால அவங்களுக்கு ஈஸி. நமக்கு 15 வருஷ பழக்கம் கைல இருக்கு. நான் ஆரம்பிக்கறப்ப நாலு விரல்ல நிமிஷத்துக்கு 36 வார்த்தை அடிச்சிட்டு இருந்தேன். புது முறைல மொத வாரம் 8 வார்த்தை. வேலைல ஒரு அவசர மெயில் வந்தா எந்த மனுஷன் 8ல அடிப்பான், கை தானா பழையபடி போயிடும், அப்படி ஒரு மணி நேரம் பழைய முறைல அடிச்சா காலைல 15 நிமிஷம் பழகினது அழிஞ்சு போன மாதிரி ஆயிடும். புதுசா கத்துக்கறது இங்க சின்ன வேலை. பழசு குறுக்க வர்றத எப்படி சமாளிக்கறதுங்கறது தான் பெரிய வேலை, அதுக்கு ஒரு திட்டம் வேணும், அத கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

இன்னொரு விஷயம், கீபோர்டு படத்த மனப்பாடம் பண்ண உக்காராதீங்க. அமெரிக்காவுல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில நல்லா டைப் அடிக்கறவங்ககிட்ட வெறும் கட்டம் போட்ட கீபோர்டு படத்த குடுத்து எழுத்துகள நிரப்ப சொன்னாங்க, சராசரியா 26ல 15 எழுத்து தான் சரியா போட்டாங்க. தெனமும் ஆயிரக்கணக்குல அடிக்கறவங்க. அப்போ அந்த அறிவு தலைல இல்ல, விரல்ல தான் இருக்கு. சைக்கிள் ஓட்டறப்ப எந்தப் பக்கம் சாயணும்னு யாரும் யோசிக்கறது இல்லையே, அது மாதிரி.

கைய எங்க வெக்கணும்

கீபோர்டுல F மேலயும் J மேலயும் ஒரு சின்ன மேடு இருக்கும், கோடு மாதிரியோ புள்ளி மாதிரியோ. இத்தன வருஷம் அது எதுக்குன்னு நம்ம யாரும் கேட்டதே இல்ல. இடது ஆள்காட்டி விரல் F மேல, வலது ஆள்காட்டி விரல் J மேல. மீதி விரல்கள் பக்கத்துல வரிசையா உக்காரும், இடது கைக்கு A S D F, வலது கைக்கு J K L ; இவ்ளோ தான். ரெண்டு கட்டை விரலும் ஸ்பேஸ் பார் மேல லேசா தொங்கணும், அடிக்கறது எந்த கட்டை விரல்னாலும் பரவாயில்ல, எனக்கு வலது.

இந்த வரிசைக்கு ஹோம் ரோன்னு பேர். ஒவ்வொரு விரலும் எங்க போய் அடிச்சாலும் திரும்ப இங்க வந்து உக்காரணும். மேலயும் கீழயும் எந்த விரல் எத அடிக்கணும்னா:

```
இடது சுண்டு விரல்      Q A Z
இடது மோதிர விரல்      W S X
இடது நடு விரல்         E D C
இடது ஆள்காட்டி        R F V  T G B
வலது ஆள்காட்டி        Y H N  U J M
வலது நடு விரல்         I K ,
வலது மோதிர விரல்      O L .
வலது சுண்டு விரல்      P ; /
```

இத பிரிண்ட் எடுத்து இல்லன்னா கைல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டுங்க. கண்டிப்பா கீபோர்டு கிட்ட வெக்காதீங்க, கண்ணு உயரத்துல தான் இருக்கணும். ஏன்னு அப்பறம் வரும்.

இதுல தானா பழகினவங்க எல்லாரும் தப்பு பண்ற எடம் C. கீபோர்டோட வரிசைகள் நேரா இல்லாம கொஞ்சம் கொஞ்சம் தள்ளி இருக்கறதால C அடிக்க ஆள்காட்டி விரல் தான் வசதியா தெரியும், ஆனா அது நடு விரலோட வேலை. ஆள்காட்டி போனா மொத்த இடது கையும் வலது பக்கம் சாஞ்சிடும், அடுத்த எழுத்து தப்பா விழும். X மோதிர விரல், Z சுண்டு விரல். மொதல்ல விரல் முறுக்கற மாதிரி இருக்கும், பத்து நாள்ல பழகிடும். B மட்டும் விட்டுக்குடுக்கலாம், முறைப்படி இடது கை, ஆனா ரெண்டு கைக்கும் கிட்டத்தட்ட சம தூரம், உங்க வலது கை ஏற்கனவே ரொம்ப பழகியிருந்தா அப்படியே விடுங்க, ஒரே கைல வெச்சுக்கறது தான் முக்கியம், ஒரு நாள் இடது ஒரு நாள் வலதுன்னு மாத்தக்கூடாது.

ஷிஃப்ட் பத்தி ஒரு வார்த்தை. பெரிய எழுத்து எந்த கைல வருதோ அதுக்கு எதிர் கை ஷிஃப்ட்ட அமுக்கணும். A வேணும்னா வலது ஷிஃப்ட், P வேணும்னா இடது ஷிஃப்ட். நம்மள்ல பாதி பேர் வலது ஷிஃப்ட்ட தொட்டதே கிடையாது, ஒரு எழுத்துக்கு கூட கேப்ஸ் லாக் போட்டு எடுக்கற ஆளுங்களும் இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன் தான். தமிழ ஒலிப்பு முறைல, அதாவது ammaaன்னு அடிச்சு அம்மா வர வெக்கற முறைல அடிக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா அதுல ண, ள, ற எல்லாம் ஷிஃப்ட் போட்டு தான் வரும், ஒரு வாக்கியத்துல அஞ்சாறு தடவை ஷிஃப்ட் வேணும். அதுக்கு ஒரு கைய தூக்கினா கீழ பாக்க வேண்டியதாயிடும்.

உக்கார்றது பத்தி ரொம்ப பேச வேணாம். முழங்கை கிட்டத்தட்ட செங்கோணத்துல மடங்கி இருக்கணும், அடிக்கறப்ப மணிக்கட்டு மேஜை விளிம்புல பதிஞ்சு இருக்கக்கூடாது, கீபோர்டுக்கு பின்னாடி இருக்கற குட்டி கால மடக்கிடுங்க, அது தூக்கி இருந்தா மணிக்கட்டு மேல் பக்கமா வளையும். லேப்டாப்ல நம்பர் பேடு இருந்தா ஒண்ணு கவனிங்க, அதுல F, J ரெண்டும் நடுவுல இருக்காது, இடது பக்கம் தள்ளி இருக்கும். ஸ்க்ரீனுக்கு நேரா உக்காந்தா ரெண்டு கையும் இடது பக்கம் சாஞ்சுட்டே இருக்கும். லேப்டாப்ப கொஞ்சம் வலது பக்கம் நகத்தி G, H நடுவுல இருக்கற கோடு உங்க தொப்புளுக்கு நேரா வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. எனக்கு மூணு வாரம் வலது கை தப்பு மட்டும் ஏன் இவ்ளோ வருதுன்னு புரியல, காரணம் இது தான்.

தினமும் என்ன பண்ணனும்

காலைல 15 நிமிஷம், ராத்திரி 15 நிமிஷம். ஞாயித்துக்கெழம மட்டும் உக்காந்து ரெண்டு மணி நேரம் அடிக்கறதால புண்ணியம் இல்ல, விரல் வலிக்கறது தான் மிச்சம். நடுவுல தூங்கி எழுந்தா நேத்து சிக்கிட்டு இருந்த எழுத்து இன்னிக்கு தானா விழும், இத நீங்களே பாப்பீங்க.

மொத நாள் இன்ஸ்டிடியூட்ல காலங்காலமா அடிக்கற அதே வரி தான்:

```
asdfgf ;lkjhj asdfgf ;lkjhj
```

இத ஒரு பத்து நிமிஷம் அடிங்க. போர் அடிக்கும். பரவாயில்ல, ஆனா ரெண்டு நாளுக்கு மேல வேணாம், ஏன்னா இதுல விரல் வரிசையா போக பழகுதே தவிர எழுத்த தேடி போக பழகாது. மூணாவது நாள்ல இருந்து ஹோம் ரோ எழுத்து மட்டும் வர்ற நெஜ வார்த்தைங்க:

```
sad lad ask fall glad hall dash flask salad shall
```

அப்பறம் E, I சேத்துக்கோங்க (said, like, field, slide), அடுத்து R, U, அடுத்து T, O, அப்பறம் N. ஒரு நாளைக்கு ரெண்டு எழுத்துக்கு மேல புதுசா சேக்காதீங்க. keybr.com இத தானாவே பண்ணும், கொஞ்சம் எழுத்துல ஆரம்பிச்சு அதெல்லாம் ஒரு வேகத்துக்கு வந்ததும் அடுத்த எழுத்த தெறந்து விடும். நெட் இல்லாத எடத்துக்கு Klavaro நல்லா இருக்கும், இலவசம். எல்லா எழுத்தும் வந்ததுக்கு அப்பறம் monkeytype.com. இந்த மூணுக்கு மேல எதுவும் தேட வேணாம், எந்த சைட் நல்லதுன்னு தேடறதுலயே நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

இப்போ வேகம். இங்க தான் எல்லாரும் கவுறாங்க. ஆரம்பத்துல வேகமா அடிக்க முயற்சி பண்ணா தப்பு வரும், பேக்ஸ்பேஸ் அடிப்பீங்க, விரல் என்ன பழகும்னா தப்பா அடிச்சு பேக்ஸ்பேஸ் அடிச்சு திரும்ப அடிக்கறதையே ஒரு வார்த்தையா பழகிக்கும். எனக்கு becauseங்கற வார்த்தை இப்படி தான் ரொம்ப நாள் நடுவுல ஒரு பேக்ஸ்பேஸோட வந்துச்சு. அதனால போன்ல தாளம் தட்டற மெட்ரோனோம் ஆப் ஒண்ணு போட்டு நிமிஷத்துக்கு 60ல வைங்க, ஒரு தட்டுக்கு ஒரு எழுத்து. டைப்பிங்ல ஒரு வார்த்தைங்கறது ஸ்பேஸையும் சேத்து அஞ்சு தட்டுன்னு கணக்கு, அப்போ 60ன்னா 12 வார்த்தை. கேவலமா தெரியும், சரி தான். அதுல 100க்கு 96, 97 தட்டு தப்பில்லாம வந்தா 70க்கு ஏத்துங்க, 95க்கு கீழ போனா எறக்குங்க. வேகத்த நீங்க முடிவு பண்ணாதீங்க, தப்போட எண்ணிக்கை முடிவு பண்ணட்டும். மெட்ரோனோம்ல இன்னொரு லாபம், தெரிஞ்ச எழுத்த பறந்து அடிச்சுட்டு தெரியாத எழுத்துல திணறி நிக்கறது போயிடும், எல்லா எழுத்தும் ஒரே தாளத்துல விழும்.

15 நிமிஷத்த நான் பிரிச்சது இப்படி: மொத மூணு நிமிஷம் நேத்து சொதப்பின எழுத்து ரெண்டு மட்டும், அடுத்த ஒம்போது நிமிஷம் பாடம், கடைசி மூணு நிமிஷம் எதாவது நெஜமா எழுதறது, டைரி மாதிரி. அந்த கடைசி மூணு நிமிஷத்த விடாதீங்க. பாத்து காப்பி அடிக்கறது வேற, மனசுல இருந்து வர்றத அடிக்கறது வேற, ரெண்டாவதுல கவனம் பூரா வார்த்தை மேல இருக்கறதால பழைய விரல் நைசா உள்ள வரும், அத அங்க தான் புடிக்க முடியும்.

தப்ப பாத்தா எங்க கோளாறுன்னு தெரியும்

தப்பு எல்லாம் ஒண்ணு இல்ல. theங்கற வார்த்தைய எடுத்துக்கங்க. அது yjrன்னு விழுந்தா ரெண்டு கையும் ஒரு கட்டம் வலது பக்கம் தள்ளி உக்காந்திருக்கு. tjeன்னு விழுந்தா வலது கை மட்டும் தள்ளி இருக்கு, yhrன்னா இடது கை மட்டும். இதுக்கு பேக்ஸ்பேஸ் மருந்து இல்ல, கைய எடுத்து மேடு தேடி திரும்ப வைக்கணும். tehன்னு விழுந்தா கை சரியான எடத்துல தான் இருக்கு, தாளம் தப்புது, அதாவது இடது கை அவசரப்பட்டு முந்திடுச்சு, மெட்ரோனோம எறக்குங்க. e அடிக்கற எடத்துல i விழுது, d எடத்துல k விழுதுன்னா அது கண்ணாடி தப்பு, விரல் சரி கை தப்பு, ரெண்டு கைலயும் அதே நடு விரல். பயப்படாதீங்க, அது விரல் பழக ஆரம்பிச்சதோட அடையாளம், die, like, idle மாதிரி ரெண்டும் கலந்து வர்ற வார்த்தைய மெதுவா அடிச்சா ஒரு வாரத்துல போயிடும்.

ஒரு நோட்டுல தெனமும் மூணே மூணு விஷயம் எழுதுங்க: வேகம், எத்தன சதவீதம் சரி, எந்த ரெண்டு எழுத்து அதிகமா தப்புச்சு. அடுத்த நாள் மொத மூணு நிமிஷத்துக்கு அது தான் பாடம்.

கீழ பாக்கறத நிறுத்தறது

இது தான் மெயின் மேட்டர். எனக்கு எல்லா எழுத்தும் ரெண்டு வாரத்துல விரலுக்கு வந்துடுச்சு, ஆனா கண்ணு கீழ போறது ரெண்டு மாசம் போகல. உக்காந்து எண்ணி பாத்தேன், ஒரு பத்து நிமிஷத்துல எப்போ எப்போ கீழ பாக்கறேன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டேன். பாத்தா மூணு விதமா இருந்துச்சு.

ஒண்ணு, எழுத்து எங்க இருக்குன்னு தெரியாம தேடறது. இது எல்லாரும் நெனக்கற விதம். இதுக்கு தான் மானிட்டர் ஓரத்துல படம் ஒட்ட சொன்னது. தெரியலன்னா அத பாருங்க, கீபோர்ட பாக்காதீங்க. ரெண்டும் ஒண்ணு தானேன்னு தோணும், இல்ல. கீபோர்ட பாத்தா கண்ணு வழிகாட்டி விரல கூட்டிட்டு போயிடும், விரலுக்கு வேலையே இல்ல. படத்த பாத்தா "வலது ஆள்காட்டி, மேல, கொஞ்சம் இடது"ன்னு மட்டும் தெரியும், போற வேலைய விரல் தான் பண்ணனும், அது தப்பா போய் திருத்திக்கிட்டு கத்துக்கும்.

ரெண்டாவது, எழுத்து தெரியும், ஆனா நம்பிக்கை இல்லாம ஒரு தடவ பாத்துக்கறது. கேஸ மூடிட்டோமான்னு திரும்ப போய் பாக்கற மாதிரி. இதுக்கு மறைக்கறது தான் வழி. நான் பண்ணது, ஒரு பெரிய துண்ட சலூன்ல போத்தற மாதிரி கழுத்துல சொருகி மறு நுனிய மானிட்டருக்கு கீழ ரெண்டு புத்தகத்த வெச்சு அமுக்கிட்டேன், கை ரெண்டும் உள்ள. வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க, எங்க அம்மா என்னப்பா ஆவி புடிக்கறியான்னு கேட்டாங்க. ஆனா துண்டு வேலை செஞ்சது. துணி விரல்ல தட்டிட்டே இருக்குன்னா ஒரு அட்டைப்பெட்டில முன் பக்கத்தையும் அடியையும் வெட்டிட்டு கீபோர்டு மேல கவுத்துடுங்க, கை போய் வர எடம் இருந்தா போதும். கீ மேல வெள்ள ஸ்டிக்கர் ஒட்டறது எனக்கு ஒத்து வரல, எழுத்து இல்லன்னாலும் கண்ணு கீழ போய் எடத்த பாத்துக்குது, நோக்கமே அடிபட்டு போச்சு. கைய பாக்க முடியக்கூடாது, அது தான் கணக்கு.

மூணாவது விதம் தான் யாரும் சொல்லாதது, எனக்கு பாதிக்கு மேல கோடு இதுல தான் விழுந்துச்சு: மவுஸ்ல இருந்து கை திரும்பி வர்றப்ப. டீ டம்ளர வெச்சுட்டு வர்றப்ப, போன எடுத்துட்டு வெக்கறப்ப, ஒவ்வொரு தடவையும் வலது கைய எங்க வெக்கறதுன்னு கண்ணு கீழ போகும், போனதுக்கு அப்பறம் அங்கயே நிக்கும், ரெண்டு வார்த்தை அப்படியே அடிச்சுடுவோம். இதுக்கு தனியா ஒரு பயிற்சி வேணும். கண்ண மூடிக்கோங்க, கைய மடில வைங்க, தூக்கி கீபோர்டுல வைங்க, ஆள்காட்டி விரலால மேட்ட தடவி கண்டுபுடிங்க, fj அடிங்க, திரும்ப மடிக்கு. அப்பறம் மவுஸ தொட்டுட்டு வந்து அதே மாதிரி. இருவது தடவ, ஒரு நிமிஷம் கூட ஆகாது. பத்து நாள் பண்ணேன், அந்த கோடுங்க முக்கால்வாசி போயிடுச்சு. கூடவே மவுஸ தொடற தேவையையும் கொறச்சேன், Ctrl+S, Ctrl+Z, Alt+Tab, ஒரு வார்த்தை தாண்ட Ctrl+அம்புக்குறி, இது நாலும் வந்தாலே மவுஸ் பக்கம் கை போறது பாதியாயிடும்.

பாஸ்வேர்டு ஒரு தனி கொடுமை. அடிக்கறது ஸ்க்ரீன்ல புள்ளியா தான் தெரியும், அதனால பயத்துல கீழ பாப்போம். பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு ஐகான் இருக்கும்ல, தனியா இருக்கறப்ப அத அமுக்கி பாஸ்வேர்ட காட்ட விட்டு அடிச்சு பழகுங்க. ஒரு வாரத்துல அது விரலுக்கு போயிடும்.

monkeytype செட்டிங்ஸ்ல confidence modeன்னு ஒண்ணு இருக்கு, அத maxல போட்டா பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது. அஞ்சாவது வாரத்துக்கு மேல வாரத்துக்கு ரெண்டு தடவ இத போட்டு அடிங்க, தப்பு வந்தா வரட்டும்னு போகணும். அதுக்கு முன்னாடி stop on errorங்கறத letterல வைங்க, சரியான எழுத்து அடிக்கற வரைக்கும் நகராது. ரெண்டும் நேர் எதிர், ஒண்ணு எழுத்து பழகறதுக்கு, இன்னொண்ணு கண்ண ஸ்க்ரீன்ல நம்பிக்கையா வெக்கறதுக்கு, வரிசைய மாத்திடாதீங்க.

ஆபிஸ்ல எப்போ மாறறது

மொத மூணு வாரம் ஆபிஸ்ல பழைய முறைலயே அடிங்க, மனசாட்சி உறுத்த வேணாம். 10 வார்த்தை வேகத்துல வேலை பாக்க முயற்சி பண்ணா ரெண்டு மணி நேரத்துல எரிச்சலாகி எல்லாத்தையும் விட்டுடுவீங்க, நான் மொத தடவ முயற்சி பண்ணப்ப நடந்தது அது தான், நாலே நாள்ல விட்டேன். ரெண்டாவது தடவ தான் இப்படி பிரிச்சேன். மூணாவது வாரத்துல ஒரு சின்ன விஷயத்த மட்டும் புது முறைக்கு மாத்தினேன், சாட்ல வர்ற சின்ன பதில்கள். அங்க யாரும் வேகத்த எதிர்பாக்கறது இல்ல, ரெண்டு வரி தான்.

பயிற்சில நிமிஷத்துக்கு 18, 20 வார்த்தைய தொட்டதும் முழுசா மாறணும், அதுக்கு மேல காத்திருக்கக்கூடாது. நான் நாலாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழம மத்தியானம் மாறினேன், 19ல. ஏன் வெள்ளிக்கிழம மத்தியானம்னா அன்னிக்கு அவசரம் கம்மி, அடுத்து ரெண்டு நாள் லீவு, வீட்டுல சும்மா எழுதி பழகலாம். அதுக்கு அப்பறம் பழைய முறைய தொடவே கூடாது, அவசரம்னாலும். மாறின மொத வாரம் வழக்கமா ஒரு மணி நேரம் ஆகற வேலை ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு, டீம்ல முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். ஆறாவது வாரம் 27. ஒம்போதாவது வாரம் பழைய 36 வந்துச்சு. நடுவுல ஏழு, எட்டு வாரத்துல பத்து நாள் 30லயே நின்னுச்சு, எதுவும் ஏறல. நோட்ட பொரட்டி பாத்தேன், தெனமும் தப்பின எழுத்து வரிசைல p, x, c தான் திரும்ப திரும்ப இருந்துச்சு. அந்த மூணுக்கு மட்டும் (expect, explain, cup, copy, excuse) அஞ்சு நாள் மெதுவா அடிச்சதும் திரும்ப ஏற ஆரம்பிச்சது. அஞ்சாவது மாசம் 52. தமிழ்நாட்டுல டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ண 30 வேணும், ஹையருக்கு 45, அத வெச்சு பாத்தா ஆபிஸ் வேலைக்கு இது தாராளம்.

இந்த சமயத்துல தமிழும் கூட பழகணும்னு ஆசை வரும். ஒலிப்பு முறைல அடிக்கறவங்களுக்கு தனியா எதுவும் வேணாம், அதே கீ தான். தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு முறைய பழகறவங்க இங்கிலீஷ் 30 தாண்டற வரைக்கும் பொறுங்க, ஒரே விரலுக்கு ரெண்டு பாடம் நடத்தினா ரெண்டும் கொழம்பும். அப்பறம் ஆரம்பிச்சா அது ஆச்சரியமா சீக்கிரம் வரும், ஏன்னா அதுல உயிரெழுத்து எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை, நடு வரிசைலயே அ இ உ இடது பக்கமும் க ப ம த ந வலது பக்கமும் இருக்கும், கை மாத்தி மாத்தி விழறதுல ஒரு சுகமே இருக்கு.

வலி பத்தி மட்டும் கொஞ்சம் கவனமா இருங்க. மொத ரெண்டு வாரம் சுண்டு விரலும் மோதிர விரலும் அசதியா இருக்கும், இத்தன நாள் சும்மா இருந்த விரலுங்க. அது சாதாரணம். மணிக்கட்டுல குத்தற மாதிரி வலி, விரல்ல மரத்துப் போறதுன்னா அது வேற, நிறுத்திட்டு டாக்டர பாருங்க, கைய பழக்கினா சரியாயிடும்னு அடிச்சுட்டே இருக்காதீங்க.

நம்பர் வரிசைய பத்தி கேப்பீங்க. உண்மைய சொன்னா நான் இன்னிக்கும் 6, 7 அடிக்க கீழ பாக்கறேன். 1, 2, 9, 0 எல்லாம் ஓரத்துல இருந்து எண்ணி வந்துடும், நடுவுல இருக்கறது தான் பிரச்சன, ஹோம் ரோல இருந்து ரெண்டு வரிசை தாண்டணும், விரல் போய் எங்க எறங்கிச்சுன்னே தெரியாது. தொகை, தேதி நெறைய அடிக்கறவங்க நம்பர் பேடு இருக்கற கீபோர்டு வாங்கி அதுல 5 மேல இருக்கற மேட்டுல நடு விரல வெச்சு தனியா பழகிடுங்க, மூணு நாள் போதும். என் வேலைல நம்பர் கம்மி, அதனால பாத்து அடிச்சுட்டு, F, J மேட்ட தடவி கண்டுபுடிச்சுட்டு அப்பறம் தான் அடுத்த வார்த்தைய தொடறேன்.